பார்ட் டைமுக்கு மாறினால் சம்பளம் எவ்வளவு குறையும்? லீவு, பி.எஃப், கிராஜுவிட்டி என்னவாகும்? முழு கணக்கு இதோ

குழந்தை பிறந்த பிறகு, வீட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள, மேற்படிப்புக்காக... காரணம் எதுவாக இருந்தாலும், செய்துகொண்டிருக்கும் வேலையை விடாமல் பார்ட் டைமுக்கு மாறலாமா என்று பலர் யோசிக்கிறார்கள். சில நிறுவனங்களும் "வாரத்தில் மூன்று நாள் வாங்க, சம்பளம் புரோ-ரேட்டா" என்று சொல்லிவிடுகின்றன.

புரோ-ரேட்டா என்றால் வேறொன்றும் இல்லை. முழுநேர ஊழியருக்கு என்ன சம்பளமோ, அதில் நீங்கள் வேலை செய்யும் நேரத்துக்கு ஏற்ற பங்கு. ஐந்து நாளில் மூன்று நாள் வேலை என்றால் 60 சதவீதம். கேட்க ஈஸியாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாமே 60 சதவீதமாகக் குறையாது. சில விஷயங்கள் குறையவே குறையாது. ஒரு விஷயம் மட்டும், நீங்கள் முழுநேரமாக உழைத்த பழைய வருடங்களையும் சேர்த்துக் குறைத்துவிடும். அது என்ன? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

உதாரணத்துக்கு ஒரு சம்பளம்

சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஒரு பெண் 8 வருடமாக வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் ரூ.60,000. அதில் அடிப்படைச் சம்பளம் ரூ.36,000, வீட்டு வாடகைப் படி ரூ.18,000, பயணப்படி ரூ.4,000, போன் மற்றும் இன்டர்நெட் செலவுக்கு ரூ.2,000.

காலை 9 மணிக்கு வந்தால் மாலை 6 மணிக்குக் கிளம்புவார். நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை. ஆக, ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, வாரத்துக்கு 40 மணி நேரம். இப்போது அவர் வாரத்தில் மூன்று நாள் மட்டும் வரப்போகிறார். அதாவது 24 மணி நேரம். 24-ஐ 40-ஆல் வகுத்தால் 0.6. இதுதான் அவருடைய விகிதம். ரூ.60,000 × 0.6 = ரூ.36,000. இதுதான் அவருக்கு வரவேண்டிய மாதச் சம்பளம்.

முதல் தப்பு நடப்பது எங்கே?

விகிதத்தைக் கணக்குப் போடும்போதே தப்பு நடக்க வாய்ப்பு இருக்கிறது. காரணம், சாப்பாட்டு இடைவேளை.

முழுநேர ஊழியர்களின் வேலை நேரத்தைச் சில நிறுவனங்கள் "வாரத்துக்கு 45 மணி நேரம்" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். காலை 9 முதல் மாலை 6 வரை, இடைவேளையையும் சேர்த்து எண்ணிய கணக்கு அது. ஆனால் பார்ட் டைம் ஒப்பந்தத்தில் இடைவேளையைக் கழித்துவிட்டு "வாரத்துக்கு 24 மணி நேரம்" என்று எழுதுவார்கள். மேலே இருக்கும் எண்ணில் இடைவேளை இல்லை, கீழே இருக்கும் எண்ணில் இடைவேளை இருக்கிறது. 24-ஐ 45-ஆல் வகுத்தால் 0.533 தான் வரும். சம்பளம் ரூ.32,000 ஆகிவிடும். அதே மூன்று நாள், அதே வேலை. ஆனால் மாதம் ரூ.4,000 போச்சு. வருடத்துக்கு ரூ.48,000.

யாரும் வேண்டுமென்றே செய்ததாகக்கூட இருக்காது. இரண்டு ஆவணங்களை இரண்டு பேர் தயாரித்திருப்பார்கள், அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு சம்பளம் என்று பாருங்கள்.

வருடத்துக்கு 52 வாரம், 12 மாதம். வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் சராசரியாக மாதத்துக்கு 173.33 மணி நேரம். ரூ.60,000-ஐ அதனால் வகுத்தால் மணிக்குச் சுமார் ரூ.346. வாரத்துக்கு 24 மணி நேரம் என்றால் மாதத்துக்கு 104 மணி நேரம். ரூ.36,000-ஐ 104-ஆல் வகுத்தாலும் அதே ரூ.346 வரும். ரூ.32,000 என்றால் ரூ.308 தான் வரும். பார்ட் டைமுக்கு மாறுவதால் வேலை நேரம்தான் குறைய வேண்டும், மணி நேரச் சம்பளம் குறையக் கூடாது. அது குறைந்திருந்தால் எங்கோ கணக்கு இடிக்கிறது என்று அர்த்தம்.

படிகள் எல்லாமே 60 சதவீதமா?

அடிப்படைச் சம்பளமும் வீட்டு வாடகைப் படியும் விகிதப்படி குறைவது வழக்கம். நம் உதாரணத்தில் அவை ரூ.21,600, ரூ.10,800 ஆகும். மற்ற படிகளுக்கு, அவை எதற்காகத் தரப்படுகின்றன என்று பார்க்க வேண்டும்.

பயணப்படி ஆபீசுக்கு வந்துபோகும் செலவுக்கு. மூன்று நாள் மட்டும் வந்தால் ரூ.4,000-க்கு பதில் ரூ.2,400 நியாயம்தான். ஆனால் அதே 24 மணி நேரத்தை ஐந்து நாளும் கொஞ்சம் கொஞ்சமாக, தினமும் 4.8 மணி நேரம் என்று செய்தால்? பஸ், ட்ரெயின் செலவு ஐந்து நாளுக்கும் ஆகும். அப்போது பயணப்படியில் கை வைப்பது சரியில்லை. இன்டர்நெட் பில்லும் அப்படித்தான். மூன்று நாள் வேலை என்பதற்காகப் பிராட்பேண்ட் நிறுவனம் 60 சதவீதக் கட்டணம் வாங்கிக்கொள்ளாது. எனவே இந்த ரூ.2,000-ஐ முழுசாகக் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

மருத்துவக் காப்பீடும் இதே ரகம். ரூ.5 லட்சம் கவரேஜ் இருக்கிறது என்றால், ஆபரேஷன் செலவு 60 சதவீதமாக வராது. சில நிறுவனங்கள் கவரேஜை அப்படியே வைத்துவிட்டு, பிரீமியத்தில் தங்கள் பங்கை மட்டும் விகிதப்படி குறைத்துக்கொள்ளும். ஒரு பேச்சுக்கு, வருடப் பிரீமியம் ரூ.18,000 என்று வைத்துக்கொண்டால், நிறுவனம் ரூ.10,800 கட்டும், மீதி ரூ.7,200 உங்கள் சம்பளத்தில் பிடிக்கப்படும். மாதம் ரூ.600. கவரேஜ் குறைகிறதா, பிரீமியம் பங்கு குறைகிறதா, இரண்டும் அப்படியே இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

பி.எஃப் பிடித்தம் குறையுமா?

இது உங்கள் நிறுவனம் பி.எஃப்-ஐ எப்படிப் பிடிக்கிறது என்பதைப் பொறுத்தது.

முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் 12 சதவீதம் பிடிக்கிறார்கள் என்றால், முன்பு ரூ.4,320 பிடித்தது இனி ரூ.2,592 ஆகும். சரியாக 60 சதவீதம். நிறுவனத்தின் பங்கும் அதே அளவு குறையும். கையில் வரும் பணத்தில் பிரச்னை இல்லை, ஆனால் ஓய்வுக்கால சேமிப்பு குறைகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பல நிறுவனங்கள் பி.எஃப்-ஐ ரூ.15,000 என்ற உச்சவரம்போடு நிறுத்திக்கொள்ளும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் ரூ.15,000-க்கு 12 சதவீதம், அதாவது ரூ.1,800 மட்டும்தான் பிடிப்பார்கள். இங்கே பார்ட் டைமுக்கு மாறினாலும் அடிப்படைச் சம்பளம் ரூ.21,600. அது ரூ.15,000-ஐ விட அதிகம். எனவே அதே ரூ.1,800 பிடிப்பார்கள். முன்பு கையில் ரூ.58,200 வந்தது, இனி ரூ.34,200 வரும். இது 60 சதவீதம் இல்லை, 58.8 சதவீதம்தான்.

இதில் நஷ்டம் இல்லை, அந்தப் பணம் உங்கள் கணக்கில்தான் சேர்கிறது. நிறுவனத்தின் பங்கிலிருந்து பென்ஷன் திட்டத்துக்குப் போகும் ரூ.1,250-ம் குறையாமல் தொடரும். ஆனால் "60 சதவீதம் வரும்" என்று நம்பி வீட்டு இ.எம்.ஐ-யைத் திட்டமிட்டால், முதல் மாதமே இடிக்கும்.

இங்கே இன்னொரு சிக்கல் சி.டி.சி. சம்பளத்தோடு நிறுவனத்தின் பி.எஃப் பங்கையும் சேர்த்தால் சி.டி.சி மாதம் ரூ.61,800 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் இந்த மொத்தத் தொகையை 0.6-ஆல் பெருக்கினால் ரூ.37,080 வரும். ஆனால் பி.எஃப் பங்கு ரூ.1,800 குறையவில்லையே? அதைக் கழித்தால் சம்பளமாக மிஞ்சுவது ரூ.35,280. மாதம் ரூ.720 குறைவு. அதனால் விகிதத்தைச் சி.டி.சி-க்குப் போடாமல் சம்பளத்துக்குப் போடச் சொல்ல வேண்டும்.

லீவு: நாளில் எண்ணாதீங்க, மணியில் எண்ணுங்க

நிறுவனம் முழுநேர ஊழியருக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு தருகிறது என்றால், பார்ட் டைம் ஊழியருக்கு 20 × 0.6 = 12 நாள். "ஐயோ, எட்டு நாள் குறைஞ்சு போச்சே" என்று தோன்றும். உண்மையில் எதுவும் குறையவில்லை. முழுநேர ஊழியர் ஒரு வாரம் ஊருக்குப் போக 5 நாள் லீவு போட வேண்டும். மூன்று நாள் வேலை செய்பவர் 3 நாள் போட்டால் போதும். 20 நாளும் நான்கு வாரம்தான், 12 நாளும் நான்கு வாரம்தான்.

சிக்கல் எப்போது வருகிறது? தினமும் 4.8 மணி நேரம் வீதம் ஐந்து நாளும் வருபவருக்கும் "விகிதம் 0.6, அதனால் 12 நாள் லீவு" என்று போடும்போது. அவர் ஒரு வாரம் ஊருக்குப் போக 5 நாள் லீவு தேவை. 12 நாளை வைத்து இரண்டரை வாரம்கூடப் போக முடியாது.

மணியில் கணக்குப் போட்டால் இந்தக் குழப்பமே வராது. முழுநேர ஊழியருக்கு 20 நாள் என்றால் 160 மணி நேரம். அதில் 60 சதவீதம் 96 மணி நேரம். ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வேலை செய்பவருக்கு அது 12 நாள். 4.8 மணி நேரம் வேலை செய்பவருக்கு அது 20 நாள். இருவருக்கும் நான்கு வாரம்.

அரசு விடுமுறை நாள் உங்கள் வேலை நாளில் வராவிட்டால்?

தமிழ்நாட்டில் தொழில் நிறுவனங்களுக்கான 1958-ம் ஆண்டு விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு ஐந்து பண்டிகை நாட்களும் சம்பளத்துடன் கூடிய விடுமுறை. 2026-ம் ஆண்டு காலண்டரைப் பாருங்கள். ஜனவரி 26 திங்கள். மே 1 வெள்ளி. ஆகஸ்ட் 15 சனி. அக்டோபர் 2 வெள்ளி. செவ்வாய், புதன், வியாழன் மட்டும் வேலைக்கு வருபவருக்கு இந்த நான்கில் ஒன்றுகூட வேலை நாளில் வராது. முழுநேர ஊழியருக்கு இதில் மூன்று நாள் லீவு கிடைக்கிறது. திங்கள், புதன், வெள்ளி வருபவருக்கும் அதே மூன்று நாளும் கிடைத்துவிடும்.

இதைச் சரிசெய்ய ஒரு முறை இருக்கிறது. வார நாட்களில் வரும் விடுமுறைகளை மொத்தமாக மணியில் எண்ணி, அதில் பங்கு தருவது. முழுநேர ஊழியருக்கு அந்த வருடம் 10 விடுமுறை நாள் கிடைத்தால் 80 மணி நேரம். அதில் 60 சதவீதம் 48 மணி நேரம், அதாவது 6 நாள். உங்கள் வேலை நாளில் மூன்று விடுமுறைதான் வந்தது என்றால், மீதி மூன்று நாளை வேறு நாளில் எடுத்துக்கொள்ளலாம். எந்தக் கிழமை வேலை செய்கிறீர்கள் என்பது உங்கள் லீவைத் தீர்மானிக்காது.

பெரிய இழப்பு கிராஜுவிட்டியில்தான்!

இதுவரை பார்த்தது எல்லாம் மாதத்துக்குச் சில நூறு, சில ஆயிரம் ரூபாய் விஷயம். இப்போது சொல்லப்போவதுதான் பலருக்குத் தெரியாதது.

கிராஜுவிட்டி கணக்கு இப்படி: கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வேலை செய்த வருடங்களால் பெருக்க வேண்டும். இங்கே சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, வீட்டு வாடகை, பயணப்படி போன்ற விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் இதில் சேரும். நம் உதாரணத்தில் அவை 40 சதவீதம்தான். எனவே ரூ.36,000-ஐயே எடுத்துக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டிய சொல், "கடைசியாக வாங்கிய". நம் உதாரணத்தில் உள்ளவர் 8 வருடம் முழுநேரமாக வேலை செய்துவிட்டு, அப்போதே ராஜினாமா செய்திருந்தால், அவருக்குக் கிடைத்திருக்கும் கிராஜுவிட்டி 36,000 ÷ 26 × 15 × 8 = ரூ.1,66,154.

அவர் ராஜினாமா செய்யவில்லை. பார்ட் டைமுக்கு மாறி இன்னும் 2 வருடம் உழைத்துவிட்டு விலகுகிறார். கணக்கு சுலபமாக இருக்க, நடுவில் இன்க்ரிமென்ட் எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளம் ரூ.21,600. எனவே 21,600 ÷ 26 × 15 × 10 = ரூ.1,24,615.

இரண்டு வருடம் அதிகமாக வேலை செய்தார். கிராஜுவிட்டி ரூ.41,539 குறைந்துவிட்டது. காரணம், குறைந்த சம்பளம் கடைசி இரண்டு வருடத்துக்கு மட்டும் இல்லாமல், முழுநேரமாக உழைத்த எட்டு வருடத்துக்கும் சேர்த்துக் கணக்கில் வந்துவிட்டது.

இந்தச் சூழல் சட்டத்துக்குத் தெரியாத ஒன்றும் இல்லை. 1972-ம் ஆண்டு கிராஜுவிட்டி சட்டத்திலேயே, உடல் ஊனம் ஏற்பட்டதால் குறைந்த சம்பளத்தில் வேலையைத் தொடர்பவர்களுக்கு, ஊனத்துக்கு முந்தைய வருடங்களுக்குப் பழைய சம்பளத்திலும், பிந்தைய வருடங்களுக்குக் குறைந்த சம்பளத்திலும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும் என்று இருந்தது. 2020-ம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. ஆனால் குழந்தைக்காகவோ படிப்புக்காகவோ பார்ட் டைமுக்கு மாறுபவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு எழுதப்படவில்லை.

அப்போ என்ன செய்வது?

சட்டத்தைவிட மேலான கிராஜுவிட்டியை ஒப்பந்தம் மூலம் பெறும் உரிமை ஊழியருக்கு உண்டு. அதைத்தான் பயன்படுத்த வேண்டும். பார்ட் டைமுக்கு மாறும் கடிதத்திலேயே ஒரு வரி எழுதி வாங்குங்கள்: "கிராஜுவிட்டி முழுநேரச் சம்பளத்தின் அடிப்படையில் கணக்கிடப்படும், பார்ட் டைமில் வேலை செய்த காலம் மட்டும் விகிதப்படி எண்ணப்படும்."

இதன்படி நம் உதாரணத்தில் 8 வருடம் முழுசாக எண்ணப்படும். கடைசி 2 வருடம் 0.6 விகிதத்தில் 1.2 வருடமாக எண்ணப்படும். மொத்தம் 9.2 வருடம். 36,000 ÷ 26 × 15 × 9.2 = ரூ.1,91,077. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் கிடைப்பதைவிட ரூ.66,462 அதிகம். நிறுவனத்துக்கும் இது கூடுதல் சலுகை இல்லை. முழுநேர உழைப்புக்கு முழு அளவு, பகுதிநேர உழைப்புக்குப் பகுதி அளவு என்ற அதே புரோ-ரேட்டா கணக்குதான்.

"ரிசைன் பண்ணி செட்டில்மென்ட் வாங்கிட்டு, திரும்பப் பார்ட் டைம்ல சேர்ந்துக்கலாமே" என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் பழைய கிராஜுவிட்டி பத்திரம்தான். ஆனால் பணித் தொடர்ச்சி அறுந்துவிடும். நிரந்தர ஊழியருக்கு அடுத்த கிராஜுவிட்டிக்கான ஐந்து வருடக் கணக்கு மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மேலே சொன்ன உதாரணத்தில், அடுத்த இரண்டு வருடத்துக்கு ஒரு ரூபாய்கூட வராது. நிறுவனம் அந்த வரியை எழுதித் தர மறுத்தால் மட்டும் யோசிக்க வேண்டிய வழி இது.

நிறுவனம் இதையெல்லாம் தந்தே ஆக வேண்டுமா?

பிரிட்டனில் 2000-ம் ஆண்டு முதல் இதற்கெனத் தனி விதிமுறை இருக்கிறது. பார்ட் டைம் என்ற ஒரே காரணத்துக்காக, அதே வேலை செய்யும் முழுநேர ஊழியரைவிட ஒருவரை மோசமாக நடத்தக் கூடாது, சம்பளமும் சலுகைகளும் விகிதப்படி இருக்க வேண்டும் என்கிறது அது. பகுதிநேர வேலைக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1994-ம் ஆண்டு உடன்படிக்கையும் இதே விகிதக் கணக்கைத்தான் பேசுகிறது. இந்தியா அதில் சேரவில்லை. தனியார் நிறுவன ஊழியர்கள் அனைவருக்குமான இப்படி ஒரு பொதுச் சட்டம் இங்கே இல்லை. பி.எஃப், கிராஜுவிட்டி, பண்டிகை விடுமுறை போன்றவற்றுக்குத் தனித்தனிச் சட்டங்கள் உண்டு. மற்றதெல்லாம் நீங்கள் கையெழுத்துப் போடும் கடிதத்தில் இருப்பதுதான்.

அதனால் கையெழுத்துக்கு முன் அந்தக் கடிதத்தில் நான்கு விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று, முழுநேர வேலை நேரமும் உங்கள் வேலை நேரமும் ஒரே மாதிரி, இடைவேளை இல்லாமல் எண்ணப்பட்டிருக்கிறதா. இரண்டு, எந்தெந்தப் படி குறைகிறது, எது குறையாது என்று தனித்தனியாக இருக்கிறதா. மூன்று, லீவும் விடுமுறையும் மணியில் சொல்லப்பட்டிருக்கிறதா. நான்கு, கிராஜுவிட்டிக்கான அந்த ஒரு வரி.

நான்கில் ஒன்றுக்குத்தான் பேச முடியும் என்றால், வருடங்கள் அதிகம் வேலை செய்தவர்கள் கடைசி விஷயத்தைப் பேசுங்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் விஷயத்தைப் பேசுங்கள்.